ஒரு நாற்காலி, ஒரு நேரம், ஒரு நோயாளி

ஒரு மருத்துவரின் ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவதுதான் இரட்டைப் பதிவு. அப்பாயின்ட்மென்ட்டை நோட்டில் எழுதிவைக்கும் கிளினிக்கில் இது அபூர்வம். நோட்டு ஒன்று, எழுதுகிறவர் ஒருவர். ஆறு மணிக்கு எதிரே ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும். பதிவு இணையத்துக்குப் போன பிறகு எழுதுகிற கைகள் பலவாகிவிடுகின்றன. ஒரே நொடியில் பத்துப் பேர் அதே ஆறு மணியைத் தொடலாம். பத்துப் பேருக்கும் அது காலியாகவே தெரியும். நம் ஊர்க் கிளினிக்குகளின் டோக்கன் முறைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது வரிசை எண்ணை மட்டும் தருகிறது, நேரத்துக்கு வாக்குக் கொடுப்பதில்லை. வாக்குக் கொடுத்தால்தான் அதைக் காப்பாற்றும் வேலையும் வருகிறது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க ஒரு சிறிய பல் மருத்துவமனை போதும். ஒரு மருத்துவர், ஒரு சிகிச்சை நாற்காலி, ஓர் உதவியாளர். மாலை 5.00 முதல் 9.00 வரை வேலை. பல் பரிசோதனைக்கு 20 நிமிடம், சுத்தம் செய்ய 30 நிமிடம், வேர் சிகிச்சைக்கு 60 நிமிடம். ஒவ்வொருவரும் எழுந்துபோன பின் நாற்காலியைத் துடைத்துக் கருவிகளை மாற்ற 10 நிமிடம்.

மோதலைக் கண்டுபிடிக்கும் கணக்கு

இரண்டு பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று கேட்பதுதான் முதல் வேலை. எளிதாகத் தோன்றும் இந்த இடத்திலேயே பலர் சறுக்குகிறார்கள். 'புதிய பதிவின் தொடக்கமோ முடிவோ பழைய பதிவுக்குள் வருகிறதா' என்று சோதிப்பது இயல்பாக மனதில் வரும் வழி. பழைய பதிவு 6.00 முதல் 6.20 வரை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒருவர் வேர் சிகிச்சைக்கு 5.40 முதல் 6.40 வரை கேட்கிறார். அவருடைய தொடக்கம் 5.40, அது பழைய பதிவுக்குள் இல்லை. முடிவு 6.40, அதுவும் உள்ளே இல்லை. சோதனை 'மோதல் இல்லை' என்று சொல்லிவிடும். ஆனால் புதிய பதிவு பழையதை முழுதாக விழுங்கி நிற்கிறது.

சரியான கணக்கு இதைவிடச் சுருக்கமானது. புதியது தொடங்கும் நேரம் பழையது முடியும் நேரத்துக்கு முன்னால் இருந்து, பழையது தொடங்கும் நேரமும் புதியது முடியும் நேரத்துக்கு முன்னால் இருந்தால், அது மோதல். உள்ளே, வெளியே, பாதி, முழுது என்று எப்படி விழுந்தாலும் இந்த ஒரே வரி பிடித்துவிடும்.

```
new_start < old_end AND old_start < new_end
```

இதில் `<` என்ற குறிக்குப் பதில் `<=` போட்டுவிட்டால் வேறொரு கோளாறு தலைகாட்டும். 6.20-க்கு முடியும் பதிவையும் 6.20-க்குத் தொடங்கும் பதிவையும் மோதல் என்று மென்பொருள் தள்ளிவிடும். அடுத்தடுத்த நேரங்களை எடுக்கவே முடியவில்லை, ஒரு பதிவு விழுந்தால் பக்கத்து நேரமும் சேர்ந்து மறைகிறது என்று கிளினிக்கில் புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. தொடக்க நிமிடம் பதிவைச் சேரும், முடிவு நிமிடம் சேராது என்பதே இத்துறையின் பொது வழக்கம். காலண்டர் மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஐகாலண்டர் தரமும் முடிவு நேரத்தை அப்படித்தான் வரையறுக்கிறது.

பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே

கணக்கு சரியாக இருந்தாலும் இரட்டைப் பதிவு நடக்கும். மென்பொருள் செய்கிற வேலை இரண்டு படிகளாக இருப்பதே காரணம். முதலில் தரவுத்தளத்தைப் பார்த்து '6.00 காலியா' என்று கேட்கிறது. காலி என்று பதில் வந்தால், பிறகு பெயரை எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவில் கழிவது சில மில்லி விநாடிகள்தான். அந்தச் சிறு நேரத்துக்குள் இன்னொரு கோரிக்கையும் 'காலியா' என்று கேட்டுவிட்டால் அதற்கும் 'காலி' என்றே பதில் கிடைக்கும். முதலாமவர் பெயரை எழுதுகிறார், இரண்டாமவரும் எழுதுகிறார். இருவருக்கும் உறுதிச் செய்தி போய்ச் சேர்கிறது. எந்த இடத்திலும் பிழைச் செய்தி வருவதில்லை. மாலை ஆறு மணிக்கு இரண்டு பேர் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஒருவர் பொத்தானை அழுத்துவது வேறு. அழுத்தும்போது ஒருமுறை மறுபடி சோதித்தால் அது தீர்ந்துவிடும். மில்லி விநாடிச் சிக்கல் அப்படித் தீராது. எத்தனை முறை சோதித்தாலும் கடைசிச் சோதனைக்கும் எழுதுவதற்கும் நடுவே ஓர் இடுக்கு மிஞ்சும். நாளுக்குப் பத்துப் பேர் பதியும் கிளினிக்கில் அந்த இடுக்கில் இருவர் விழ மாதங்கள் ஆகலாம். அடுத்த வாரத்துக்கான நேரங்களை ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திறந்துவிடும் கிளினிக்கிலோ முதல் நிமிடத்திலேயே விழுவார்கள்.

நிரலுக்குள்ளேயே ஒரு பூட்டுப் போட்டு, ஒரு கோரிக்கை முடியும்வரை அடுத்ததை நிறுத்திவைப்பது சிலர் கையாளும் வழி. ஒரே சர்வர் இருக்கும்வரை அது செல்லும். கூட்டம் கூடி இரண்டாவது சர்வரைச் சேர்த்த நாளில், முதல் சர்வரின் பூட்டு இரண்டாவதற்குத் தெரியாது. தரவுத்தளத்திடமே `SELECT ... FOR UPDATE` என்று சொல்லிப் பதிவு வரிகளைப் பூட்டுவது இன்னொரு வழி. இதிலும் ஒரு பொறி உண்டு. அந்தக் கட்டளை இருக்கிற வரிகளைத்தான் பூட்டும். காலியாக உள்ள நேரத்துக்கு வரியே கிடையாது. இல்லாத வரியைப் பூட்ட முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பதிவு வரியை விட்டுவிட்டு, அந்த நாற்காலிக்கென்று இருக்கும் நிரந்தர வரியைப் பூட்டுவார்கள். பூட்டைப் பெற்றவர் பார்த்து, எழுதி, விடுவிக்கும்வரை அதே நாற்காலியைக் கேட்கும் மற்றவர் காத்திருப்பார். கிளினிக் அளவுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் நிரலில் பதிவு எழுதும் ஒவ்வோர் இடத்திலும் இந்தப் பூட்டை மறக்காமல் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து வரவேற்பாளருக்கென்று ஒரு புதிய திரையைச் சேர்க்கும் நிரலாளர் அதை மறந்துவிட்டால் பழைய கதை திரும்பிவிடும்.

மறதிக்கு இடமில்லாத வழி, காவலைத் தரவுத்தளத்தின் கையிலேயே ஒப்படைப்பது. மோதலான பதிவை எந்தத் திரையிலிருந்து, எந்தச் சர்வரிலிருந்து, யார் எழுத வந்தாலும் தரவுத்தளமே மறுக்க வேண்டும். எல்லாப் பதிவும் ஒரே நீளம் என்றால் இது மிகச் சுலபம். 'நாற்காலி, தொடக்க நேரம்' என்ற இணை இரண்டாம் முறை வரக் கூடாது என்று ஒரு தனித்துவ விதி எழுதினால் முடிந்தது. நீளங்கள் மாறும்போது இந்த விதி ஓட்டையாகிவிடும். 6.00 முதல் 7.00 வரையிலான வேர் சிகிச்சைக்கும் 6.20 முதல் 6.40 வரையிலான பரிசோதனைக்கும் தொடக்க நேரங்கள் வேறு வேறு. இரண்டையும் விதி உள்ளே விட்டுவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, நாளைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டுக்கு ஒரு வரி என்று எழுதுவது. வேர் சிகிச்சை ஆறு வரிகளை எடுக்கும். ஆறும் ஒரே பரிவர்த்தனையாகப் போகும். ஒரு வரி இடித்தாலும் ஆறும் சேர்ந்து ரத்தாகும். பெரிய நுட்பம் ஏதும் இல்லாத இந்த முறை மைஎஸ்கியூஎல் உட்பட எல்லாத் தரவுத்தளத்திலும் வேலை செய்யும்.

மற்றொன்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ள விலக்கு விதி. 2010-இல் வந்த 9.0 பதிப்பில் இது சேர்ந்தது. 2012-இல் வந்த 9.2 பதிப்பில் 'இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை' என்பதை ஒரே மதிப்பாக வைக்கும் வகையும் வந்த பிறகு பதிவு மென்பொருளுக்கென்றே தைத்த சட்டைபோல் பொருந்திவிட்டது. பல் மருத்துவமனையின் பதிவு அட்டவணையை இதில் இப்படி எழுதலாம்:

```
CREATE EXTENSION btree_gist;

CREATE TABLE booking (
  id       bigserial PRIMARY KEY,
  chair_id int       NOT NULL,
  visit    tstzrange NOT NULL,
  blocked  tstzrange NOT NULL,
  status   text      NOT NULL,
  CHECK (blocked @> visit),
  EXCLUDE USING gist
    (chair_id WITH =, blocked WITH &&)
    WHERE (status <> 'cancelled')
);
```

இதில் உயிர்நாடி `EXCLUDE` என்று தொடங்கும் பகுதி. ஒரே நாற்காலியின் இரண்டு வரிகளில் நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது; ரத்தான பதிவுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பது அதன் பொருள். `visit` நோயாளிக்குச் சொல்லும் நேரம், `blocked` நாற்காலி உண்மையில் அடைபட்டிருக்கும் நேரம். இந்த இரண்டும் ஏன் தனித்தனி என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

ஒரே நொடியில் இருவர் 6.00 மணியை எழுத வந்தால், இரண்டாமவரைத் தரவுத்தளம் உடனே மறுப்பதில்லை. முதலாமவரின் பரிவர்த்தனை முடியட்டும் என்று நிறுத்திவைக்கிறது. அது உறுதியானால் இரண்டாமவருக்கு `23P01` என்ற பிழை எண் திரும்பும். ஏதோ காரணத்தால் முதலாவது கைவிடப்பட்டால் இரண்டாமவருக்கே இடம் கிடைக்கும். அந்தப் பிழை எண்ணைப் பிடித்து, 'இந்த நேரத்தை இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார், அருகில் உள்ள நேரங்கள் இவை' என்று காட்டுவது நிரலின் வேலை. பிழையை அப்படியே திரையில் கொட்டிவிடும் மென்பொருள்களும் உண்டு. நோயாளி அதைப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார்.

திரையில் காலி நேரங்களைக் காட்டுவதற்கான சோதனை இதனால் தேவையற்றுப் போகவில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சரியான நேரத்தைக் காட்டி ஏமாற்றத்தைத் தவிர்ப்பது அது. ஆனால் அது மரியாதைக்கான சோதனை; காவல் வேறு இடத்தில் இருக்கிறது.

பணம் கட்டும் பத்து நிமிடம்

முன்பணம் வாங்கும் கிளினிக்கில் ஒரு சுற்று கூடுகிறது. நேரத்தைத் தேர்ந்த நோயாளி யுபிஐ செயலிக்குப் போய்த் திரும்பும்வரை அந்த நேரத்தை யாரும் எடுத்துவிடக் கூடாது. அதனால் தேர்ந்த உடனேயே 'பிடித்துவைத்தது' என்ற நிலையோடு ஒரு வரியை எழுதி, பத்து நிமிடத்தில் காலாவதி என்று குறித்துவிடுகிறார்கள். பணம் வந்தால் அதே வரி 'உறுதி' ஆகிறது.

இங்கே எதிர்பாராத ஒரு தடை இருக்கிறது. 'காலாவதியான வரிகளைக் கணக்கில் எடுக்காதே' என்று விலக்கு விதியில் எழுத முடியாது. விதியின் நிபந்தனையில் 'இப்போதைய நேரம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு மதிப்பைப் போஸ்ட்கிரெஸ் அனுமதிப்பதில்லை. ஆகவே காலாவதியான வரி யாராவது துடைக்கும்வரை நேரத்தை அடைத்துக்கொண்டே கிடக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடித் துடைக்கும் பின்னணி வேலை ஒன்றை வைப்பார்கள். அதை மட்டும் நம்பாமல், புதிய பதிவை எழுதும் அதே பரிவர்த்தனையின் முதல் வரியாக, அந்த நாற்காலியின் காலாவதியான பிடிப்புகளை ரத்து செய்வதும் நல்ல பழக்கம். காலையில் யாரும் எடுக்காத நேரங்கள்கூட 'நிரம்பியது' என்று காட்டினால், பின்னணி வேலை இரவிலேயே நின்றுபோயிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

பணம் தாமதமாக, அதாவது பிடிப்பு காலாவதியான பின் வந்து சேர்வதும் நடக்கும். அப்போது மென்பொருள் புதிதாக ஒரு பதிவை எழுதிப் பார்க்க வேண்டும். நேரம் இன்னும் காலியாக இருந்தால் கிடைத்துவிடும். வேறொருவர் எடுத்திருந்தால் தரவுத்தளம் மறுக்கும், பணம் திரும்பப் போகும். பணம் வந்துவிட்டதே என்று கண்ணை மூடிக்கொண்டு உறுதி செய்யும் நிரல்தான் இங்கே இரட்டைப் பதிவை உண்டாக்குகிறது. திரையில் பத்து நிமிடம் என்று காட்டி, உள்ளே பன்னிரண்டு நிமிடம் பிடித்துவைத்தால் இந்தச் சங்கடம் பெருமளவு குறையும்.

இன்னொரு மோதல், நோயாளி தன்னோடேயே மோதிக்கொள்வது. இணைப்பு மந்தமாக இருக்கிறது, பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறார். முதல் அழுத்தில் 6.00 மணி அவருக்குக் கிடைத்துவிட்டது. இரண்டாவது அழுத்தைத் தரவுத்தளம் சரியாகவே மறுக்கிறது. திரையில் கடைசியாக வருவது மறுப்புச் செய்தி. தன் இடத்தை யாரோ பறித்துவிட்டதாக நினைத்து அவர் 6.30-ஐயும் எடுக்கிறார். இப்போது ஒருவருக்கே இரண்டு நேரம். இதைத் தவிர்க்க, பக்கம் திறக்கும்போதே ஒரு தனி அடையாளக் குறியீட்டைக் கொடுத்து, அதே குறியீட்டோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் முதல் பதிலையே திருப்பிச் சொல்வார்கள்.

நேரம் மாற்றுவதிலும் இதே வகைத் தவறு வரும். 6.00 முதல் 6.30 வரை பதிந்தவர் 6.10-க்கு மாற்றக் கேட்டால், அவருடைய பழைய பதிவே புதியதோடு மோதுவதாகச் சில மென்பொருள்கள் தடுக்கும். பழையதை ரத்து செய்துவிட்டுப் புதியதைத் தனியே எழுதினால், நடுவில் வேறொருவர் நுழைந்து இரண்டும் போய்விடலாம். அதே வரியில் நேரத்தை மட்டும் மாற்றி எழுதுவதே பாதுகாப்பு. மாற்றம் மறுக்கப்பட்டாலும் பழைய நேரம் கையில் இருக்கும்.

நடுவில் விடும் நேரம்

இரட்டைப் பதிவைத் தடுத்தாலும், அடுத்தடுத்த பதிவுகளை ஒட்டி ஒட்டி வைத்தால் மாலை முழுவதும் பின்னுக்குத் தள்ளிப்போகும். சுத்தம் செய்யும் சிகிச்சைக்கு 30 நிமிடம், அரை மணிக்கு ஒருவர் என்று கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியைத் துடைத்து ஆயத்தம் செய்ய உண்மையில் 5 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். 5.00 மணிக்கு வந்தவருக்கு 42 நிமிடம் பிடித்துவிட்டது. துடைத்து முடிக்கும்போது 5.47. 5.30 மணிக்காரர் 17 நிமிடம் தாமதம். அவருக்குச் சரியாக 30 நிமிடம், 6.00 மணிக்காரர் 6.22-க்கு உட்காருகிறார். அவருக்கு 25 நிமிடத்தில் முடிந்தும் 6.30 மணிக்காரருக்கு 22 நிமிடத் தாமதம் குறையவே இல்லை. மிச்சம் பிடித்த ஐந்து நிமிடத்தைத் துடைக்கும் வேலை விழுங்கிவிட்டது.

அதே மாலையை 40 நிமிடத்துக்கு ஒருவர் என்று அமைத்தால், 5.40 மணிக்காரர் 5.47-க்கு, அதாவது 7 நிமிடம் தாமதமாக உட்காருகிறார். 6.20 மணிக்காரர் 2 நிமிடம் தாமதம். 7.00 மணிக்காரர் வரும்போது நாற்காலி 8 நிமிடமாகத் தயாராக இருக்கிறது.

இதற்கு விலை உண்டு. நான்கு மணி நேரத்தில் இடைவெளி இல்லாமல் எட்டுப் பேர். பத்து நிமிட இடைவெளியோடு ஆறு பேர்: 5.00, 5.40, 6.20, 7.00, 7.40, 8.20. கடைசி ஆள் 8.50-க்கு எழுந்ததும் 9.00-க்கு நாற்காலி சுத்தமாகிவிடும். இடைவெளியைப் பதினைந்தாக்கினால் ஆறாவது ஆளுக்கு 8.45-க்குத்தான் தொடங்கும், 9.15-க்கு முடியும். அவரை விட்டுவிட வேண்டியதுதான். ஐந்து நிமிடம் கூட்டியதற்கு ஒரு நோயாளி போகிறார். இடைவெளியை எவ்வளவு வைப்பது என்று முடிவெடுக்கும் முன், வேலை நேரத்தை எழுதிவைத்து இப்படி ஒருமுறை வகுத்துப் பார்ப்பது அவசியம்.

தொடக்க நேரங்களை எந்த அடியில் காட்டுவது என்பதும் இதோடு சேர்ந்தது. இடைவெளியைப் பத்து நிமிடம் என்று அமைத்துவிட்டு, தொடக்க நேரத்தை அரை மணிக்கு ஒன்றாகவே விட்டுவிட்டால், 5.40-க்குத் தயாரான நாற்காலி 6.00 வரை சும்மா கிடக்கும். ஆறு பேர் பார்க்கும் மாலையில் நால்வருக்குத்தான் இடம். இடைவெளியைச் சேர்த்ததும் பதிவுகள் பாதியாகிவிட்டன என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே. அடியைப் பத்து நிமிடமாக்கினால் வேறு விதமாக இடம் வீணாகும். முதல் ஆள் 5.20-ஐத் தேர்ந்தால் அதற்கு முன்னால் உள்ள இருபது நிமிடம் எவருக்கும் உதவாத துண்டாகிவிடும். அதனால் நல்ல மென்பொருள்கள் ஏற்கெனவே உள்ள பதிவை ஒட்டி வரும் தொடக்கங்களையே முதலில் காட்டுகின்றன.

இந்த இடைவெளியை மென்பொருளுக்குள் எங்கே வைப்பது? காலி நேரம் காட்டும் கணக்கில் மட்டும் வைத்தால், மில்லி விநாடி இடுக்கு திரும்ப வரும். இருவர் இடைவெளியை மீறி அருகருகே உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே இடைவெளியையும் சேர்த்த நேரத்தையே வரியில் எழுத வேண்டும். மேலே அட்டவணையில் இரண்டு நேரங்கள் இருப்பது இதற்காகத்தான். நோயாளிக்கு 6.20 முதல் 6.50 வரை என்று சொல்கிறது `visit`, 6.20 முதல் 7.00 வரை அடைக்கிறது `blocked`. காவல் பின்னதன்மேல் இருக்கிறது. இரட்டைப் பதிவைத் தடுக்கும் அதே விதி இடைவெளியையும் காத்துக்கொள்கிறது.

வரியிலேயே எழுதுவதில் இன்னொரு பயனும் உண்டு. அடுத்த மாதம் இடைவெளியைப் பதினைந்தாக்கினாலும், ஏற்கெனவே கொடுத்த நேரங்கள் பழைய பத்து நிமிடத்தோடே நிற்கும். ஒவ்வொரு முறையும் அன்றைய அமைப்பைப் பார்த்துக் கணக்கிடும் மென்பொருளில், அமைப்பை மாற்றிய மறுநொடி பழைய பதிவுகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். பல்வலியோடு வந்துவிட்டவரை இடையில் சேர்க்க வேண்டுமானால், ஒரு பதிவின் `blocked` நேரத்தை `visit` அளவுக்குச் சுருக்கும் உரிமையை வரவேற்பாளருக்குக் கொடுக்கலாம். இடைவெளி போகும், ஆனால் இரண்டு நோயாளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழ மாட்டார்கள்.

முன்னால் பத்து, பின்னால் பத்து என்று இரு பக்கமும் இடைவெளி வைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. இரண்டையும் வரியில் எழுதினால், ஒருவரின் பின்னிடைவெளியும் அடுத்தவரின் முன்னிடைவெளியும் கூடி இருபது நிமிடமாகும். துடைப்பதும் அடுத்த சிகிச்சைக்குக் கருவி எடுத்துவைப்பதும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவை என்றால் இருபது சரி. மூச்சுவிட நேரம் என்று மட்டும் நினைத்து வைத்ததானால் பத்து வீண். நடுவில் எத்தனை நிமிடம் வேண்டும் என்று முடிவுசெய்து, அதைப் பின்பக்கம் மட்டும் வைத்துவிடுவது எவ்வளவோ மேல்.

இடைவெளி யாருடையது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். துடைக்க வேண்டியது நாற்காலியை, துடைப்பவர் உதவியாளர். கிளினிக் இரண்டாவது நாற்காலி வாங்கினால், முதல் நாற்காலி சுத்தமாகும்போது மருத்துவர் இரண்டாவதில் வேலையைத் தொடங்கிவிடலாம். அப்போது மருத்துவருக்கு `visit` நேரம்தான் அடைபடுகிறது, நாற்காலிக்கு மட்டும் `blocked` நேரம். இருவருக்கும் தனித்தனி வரி, தனித்தனி விதி. இரண்டும் ஒரே பரிவர்த்தனையில். இடைவெளியை மருத்துவரின் பெயரில் எழுதிவைத்த மென்பொருளில் இரண்டாவது நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். கருவிகளுக்கும் இதே கணக்குத்தான். ஆட்டோகிளேவில் 134 டிகிரி வெப்பத்தில் நுண்ணுயிர் நீக்க மூன்று நிமிடம் போதுமென்றாலும், சூடேறி, ஆறி, உலர்ந்து வெளியே வர அதைப்போலப் பல மடங்கு ஆகும். அந்த நேரத்தை நாற்காலியின் இடைவெளியில் சேர்க்க வேண்டியதில்லை. கருவித் தொகுப்புகளைக் கூடுதலாக வாங்கிவைத்தால் போதும்.

துடைக்கும் நேரம் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் கட்டாயம் வேண்டும். சிகிச்சை நீண்டுபோவதற்கென்று விடும் நேரத்தை அப்படி ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு நீளும், ஒருவருக்குக் குறையும். ஏழு மணி வாக்கில் மொத்தமாக இருபது நிமிடம் காலியாக விட்டால் அதுவரை சேர்ந்த தாமதம் அங்கே கரைந்துவிடும். நோயாளியின் காத்திருப்பையும் மருத்துவரின் வெறும் நேரத்தையும் எதிரெதிரே வைத்து எடைபோட்ட ஆய்வு 1952-இலேயே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் பெய்லி, வெல்ச் என்ற இருவர் மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவுகளை ஆராய்ந்து, தொடக்கத்தில் இருவரை வரச்சொல்லிவிட்டு மற்றவர்களைச் சராசரிச் சிகிச்சை நேர இடைவெளியில் ஒவ்வொருவராக அழைக்கலாம் என்றார்கள். முதல் ஆள் வராவிட்டாலும் மருத்துவர் சும்மா இருக்கக் கூடாது என்பது நோக்கம். அது தெரிந்தே செய்யும் இரட்டைப் பதிவு. மென்பொருள் தெரியாமல் செய்வதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விதியின் எல்லை

தரவுத்தளம் தனக்குத் தெரிந்ததைத்தான் காக்கும். மருத்துவர் தன் சொந்தக் கூகுள் காலண்டரில் 'மாலை 6.00, மகள் பள்ளி விழா' என்று எழுதினால், பதிவு மென்பொருள் அதைப் படித்து அந்த நேரத்தை அடைக்கும். ஆனால் படிப்பதற்கும் அங்கே எழுதியதற்கும் நடுவே சில நொடிகளோ நிமிடங்களோ இருக்கும். இரண்டு மென்பொருளுக்கும் பொதுவான பூட்டு கிடையாது. கூகுள் காலண்டர் ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சிகளை எழுதவும் விடும். காலண்டர்களை இணைப்பது இடுக்கைக் குறுக்கும், மூடாது. நிகழ்ச்சியை 'பிஸி' என்று குறிக்காமல் 'ஃப்ரீ' என்று விட்டிருந்தால் இணைப்பு சரியாக இருந்தும் நேரம் அடைபடாது. வரவேற்பு மேசையில் தொலைபேசிப் பதிவுகளுக்கென்று தனி டைரி இருக்கும் கிளினிக்கில் எந்த விதியும் உதவாது. தொலைபேசியில் கேட்டவரும் நேரில் வந்தவரும் இணையத்தில் பதிந்தவரும் ஒரே அட்டவணைக்குள் எழுதப்பட்டாக வேண்டும்.

மென்பொருள் வாங்கப் போகும் கிளினிக், விற்பவரிடம் ஒரு சோதனையைச் செய்துகாட்டச் சொல்லலாம். காலியான ஒரே நேரத்துக்கு ஐம்பது கோரிக்கைகளை ஒரே நொடியில் அனுப்ப வேண்டும். ஒன்று ஏற்கப்பட்டு நாற்பத்தொன்பது மறுக்கப்பட வேண்டும். பிறகு அந்தப் பதிவின் இடைவெளிக்குள் தொடங்கும் நேரத்துக்கு ஐம்பது அனுப்ப வேண்டும். ஐம்பதும் மறுக்கப்பட வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் விலக்கு விதியைப் புதிதாகச் சேர்ப்பவர்கள், பழைய மோதல்களைத் தேடித் தீர்த்துவிட்டே சேர்க்க முடியும். அட்டவணையில் மோதும் பதிவு ஒரு ஜோடி இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் அந்த விதியை ஏற்காது.